ஆறு பேருக்கு ஒரு பாட்டில்

சிரங்குக்கு மருந்து வாங்க வருகிறவர் ஒருவர்தான். மருந்து தேவைப்படுகிறவர்கள் பெரும்பாலும் அவர் வீட்டிலுள்ள அத்தனை பேரும். செங்கோட்டையிலும் தென்காசியிலும் சாரல் தொடங்கியபின் மருந்துக்கடைகளில் பெர்மெத்ரின் லோஷன் கேட்டு வருபவர்களைப் பார்த்தால் இந்தக் கணக்கு உதைப்பது தெரியும். ஒரு பாட்டில் வாங்குவார்கள். சொறிந்து புண்ணாகியிருக்கும் பையனுக்குக் கையிலும் இடுப்பிலும் தடவுவார்கள். பத்து நாளில் கொஞ்சம் அடங்கும். அடுத்த மாதம் அவன் அக்காவுக்கு வரும், அதன்பின் அம்மாவுக்கு, பிறகு திரும்பவும் அவனுக்கே. “இந்த மருந்து கேக்கல” என்று வேறு களிம்புக்குப் போவார்கள்.

மருந்து கேட்காமல் போவதும் உண்டு, அதைக் கடைசியில் பார்ப்போம். ஆனால் பெரும்பாலான வீடுகளில் தவறுவது மூன்று இடங்களில்: உடம்பில் தடவாமல் விட்ட இடம், தடவாமல் விட்ட இரண்டாவது இரவு, தடவாமல் விட்ட ஆள். என் கணிப்பில் இந்த மூன்றில் கடைசியானதுதான் மற்ற இரண்டையும்விட அதிகமாகச் சிகிச்சையைக் கெடுக்கிறது. அதைப்பற்றித்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம்.

சிரங்கை உண்டாக்குவது எட்டுக்கால் பூச்சி இனத்தைச் சேர்ந்த மிகச் சிறிய உண்ணி. பெண் பூச்சி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆண் அதில் பாதி. பெண் பூச்சி தோலின் மேல் அடுக்கைக் குடைந்து வளை போட்டு, நாளுக்கு இரண்டு மூன்று முட்டையாக ஒன்றிரண்டு மாதம் இட்டுக்கொண்டே போகும். முட்டை மூன்று நான்கு நாளில் பொரியும். குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிடும் நிலைக்கு வர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். இந்த நாள்கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மருந்தைப் பற்றிய விதிகள் எல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

அரிப்பு பூச்சி கடிப்பதால் வருவதல்ல. பூச்சிக்கும் அதன் முட்டைக்கும் கழிவுக்கும் உடம்பு காட்டும் ஒவ்வாமை அது. முதல் தடவை பூச்சி ஏறும்போது உடம்பு அதைக் கண்டுகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அவ்வளவு நாளும் அந்த ஆளுக்கு எந்தத் தொந்தரவும் இராது, ஆனால் பக்கத்தில் படுப்பவருக்குப் பூச்சியைக் கொடுத்துக்கொண்டிருப்பார். முன்பே ஒருமுறை வந்தவருக்கு மறுபடி ஏறினால் ஒன்று முதல் நான்கு நாளிலேயே ஊறல் ஆரம்பித்துவிடும். அதனால்தான் குணமாகிப்போன பையன் திரும்பச் சொறிகிறான், அவனுக்குக் கொடுத்த ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

இதைத் தெளிவாக்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பூச்சியியலாளர் கென்னத் மெல்லன்பி. இரண்டாம் உலகப்போர் காலத்தில் ஷெஃபீல்டு நகரில், போருக்குப் போக மறுத்த தன்னார்வலர்களைக் கொண்டு சிரங்கை ஆராய்ந்தார். சிரங்கு வந்த படைவீரர்கள் கழற்றிப்போட்ட உள்ளாடைகளை உடுத்தச் செய்தார், அவர்கள் போர்த்திய கம்பளிகளில் படுக்கவைத்தார். எதிர்பார்த்ததற்கு மாறாக மிகச் சிலருக்கே தொற்றியது. நோயாளியோடு ஒரே படுக்கையில் படுத்தபோதுதான் பூச்சி தாராளமாகத் தாவியது. ஒரு நோயாளியின் உடம்பில் முதிர்ந்த பெண் பூச்சிகள் சராசரியாகப் பதினொன்றுதான் இருந்தன என்பதும், அவற்றில் பாதிக்கு மேல் கையிலும் மணிக்கட்டிலும் குடியிருந்தன என்பதும் அவர் எண்ணிச் சொன்னவை. உடம்பு முழுக்க அரித்தாலும் பூச்சி பெரும்பாலும் பத்துப் பதினைந்துக்கு மேல் இருப்பதில்லை. அதில் ஒன்று தப்பினாலும் போதும், அடுத்த மாதத்துக்குள் குடும்பம் பெருகிவிடும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் அருவி கொட்டும் காலம் சுற்றுவட்டார வீடுகளுக்குத் துணி காயாத காலமும் கூட. வீட்டுக்குள் கயிறு கட்டி உலர்த்துவார்கள். குளிருக்குப் பிள்ளைகள் ஒரே போர்வைக்குள் ஆச்சியோடு ஒட்டிப் படுக்கும். சிரங்கு பரவச் சாரல் நேரடிக் காரணம் இல்லை. ஒட்டிப் படுப்பது காரணம். அருவியில் குளித்தால் தீரும் என்ற நம்பிக்கையும் இங்கே உண்டு, மூலிகை கலந்து வரும் தண்ணீர் என்பார்கள். அருவி தலையில் விழுந்தால் ஊறல் ஒரு மணி நேரம் மட்டுப்படும் என்பது உண்மை. ஆனால் பூச்சி தோலின் மேல் உட்கார்ந்திருந்தால்தானே தண்ணீர் அடித்துக்கொண்டு போகும்? அது உள்ளே வளையில் இருக்கிறது.

பெர்மெத்ரின் ஒருவகைச் செவ்வந்திப் பூவில் கிடைக்கும் பூச்சிக்கொல்லிப் பொருளைப் பார்த்துச் செயற்கையாக உருவாக்கப்பட்டது. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட்டின் குழு 1973இல் அதை அறிவித்தது. முதலில் பயிருக்கு அடித்தார்கள், பிறகு மனிதத் தோலுக்கு வந்தது. சிரங்குக்கான 5 சதவீதக் களிம்புக்கு அமெரிக்கா 1989இல் அனுமதி கொடுத்தது. பூச்சியின் நரம்பில் சோடியம் நுழையும் வாயிலை மூடவிடாமல் பிடித்துக்கொள்வதால் பூச்சி முடங்கிச் சாகும். மனிதத் தோல் வழியாக உள்ளே போகும் அளவு மிகக் குறைவு, போனதையும் உடம்பு சீக்கிரம் சிதைத்து வெளியேற்றிவிடும். இரண்டு மாதக் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருத்துவர்கள் இதைத் தயங்காமல் எழுதுவது அதனால்தான். முன்பு சிரங்குக்குப் பரவலாகக் கொடுக்கப்பட்ட காமா பென்சீன் ஹெக்ஸாகுளோரைடு நரம்பு மண்டலத்தைத் தாக்கக்கூடியது என்பதால் பின்னுக்குப் போனது. பென்சைல் பென்சோயேட் 25 சதவீத லோஷன் இன்னும் பயன்படுகிறது, வேலையும் செய்யும். ஆனால் சொறிந்த புண்ணில் பட்டால் எரியும் எரிச்சலில் பிள்ளைகள் இரண்டாம் முறை தடவ விடமாட்டார்கள்.

கடையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெர்மெத்ரின் 1 சதவீதத்திலும் வருகிறது, அது தலைப்பேனுக்கு. பத்து நிமிடம் வைத்துக் கழுவுவது. சிரங்குக்கு வேண்டியது 5 சதவீதம், இரவு முழுக்க இருக்க வேண்டியது. பெயர் ஒன்றாக இருப்பதால் பேன் மருந்தை வாங்கிப்போய்ச் சிரங்குக்குத் தடவிவிட்டு மருந்தைக் குறைசொல்வது நடக்கிறது. பாட்டிலில் எழுதியிருக்கும் சதவீதத்தைப் படித்துவிட்டுக் காசு கொடுக்கலாம்.

தடவுவதில் முதல் விதி, அரிக்கிற இடத்துக்குத் தடவாமல் உடம்புக்குத் தடவ வேண்டும் என்பது. அரிப்பு ஒவ்வாமையாகையால் பூச்சி இல்லாத இடத்திலும் அரிக்கும், பூச்சி இருக்கும் இடத்தில் அரிக்காமலும் போகும். காதுக்குப் பின்புறத்திலும் தாடைக்குக் கீழும் தொடங்கி உள்ளங்கால் வரை, ஓர் இடமும் விடாமல், மெல்லிய பூச்சாக. தவறவிடப்படும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான்: விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டின் உள்பக்கம், அக்குள், தொப்புள், மார்பகத்தின் அடிப்பகுதி, அரைஞாண் கயிறு படும் இடுப்பு, பிறப்புறுப்பு, பின்பக்கப் பிளவு, கால்விரல் இடுக்கு. ஆண்களுக்கு ஆணுறுப்பிலும் விதைப்பையிலும் தடிப்பு தோன்றுவது சிரங்கின் முக்கியமான அடையாளம். வெட்கப்பட்டு அந்த இடத்தை மறைத்துவிட்டு முழங்கை வரை மட்டும் காட்டுவார்கள், அங்கேயே மருந்தும் படாமல் போகும். முதுகுக்குத் தன் கை எட்டாது, இன்னொருவர் தடவிவிட வேண்டும். மோதிரம், வளையல், கறுப்புக் கயிறு, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றவோ நகர்த்தவோ வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டி, பழைய பல்துலக்கும் பிரஷில் லோஷனைத் தொட்டு நகத்தின் அடியில் தேய்க்க வேண்டும். சொறியும் விரலின் நகத்துக்குள் பூச்சியும் முட்டையும் தங்கியிருக்கும்.

முகமும் தலையும் தடவ வேண்டுமா என்பதில் நாட்டுக்கு நாடு வழிகாட்டல் மாறுகிறது. பெரியவர்களுக்குக் கழுத்துக்குக் கீழே போதும் என்பது அமெரிக்க வழக்கம். தலையும் முகமும் காதும் சேர்த்து எல்லோருக்கும் தடவலாம் என்பது பிரிட்டன் வழக்கம். சிறு குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் தலை, முகம், காது சேர வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. கண்ணையும் வாயையும் சுற்றி மட்டும் விட்டுவிட வேண்டும். கைக்குழந்தை விரலைச் சப்பும் என்பதால் கைக்குக் காலுறையை மாட்டிவிடுவது நல்லது. பால் கொடுக்கும் தாய் மார்பில் தடவியதைக் கழுவிவிட்டுப் பால் கொடுத்து, பிறகு அந்த இடத்தில் மட்டும் மறுபடி தடவிக்கொள்ள வேண்டும்.

வெந்நீரில் குளித்துச் சூடான ஈர உடம்பில் தடவக் கூடாது. சூட்டில் மருந்து தோலின் மேலடுக்கில் தங்காமல் உள்ளே இழுக்கப்பட்டுவிடும், பூச்சி இருப்பதோ மேலடுக்கில். குளித்தால் துடைத்து, உடம்பு ஆறியபின் தடவலாம். குளிக்காமலே தடவினாலும் குறையில்லை. எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. நம் ஊரில் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் ஆண்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும்: மருந்து போடும் சனிக்கிழமை எண்ணெய் வேண்டாம். குற்றாலத்தில் எண்ணெய் மசாஜ் முடித்து அருவியில் நின்றுவிட்டு வந்த உடம்புக்கும் இதே பதில்தான்.

தடவிய மருந்து எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் தோலில் இருக்க வேண்டும். இரவு தடவி, காலையில் குளிப்பது வழக்கம். அதற்கிடையில் கை கழுவினால் கைக்கு மறுபடி தடவ வேண்டும். எளிதாகச் சொல்லிவிடலாம், ஆனால் பீடி சுற்றும் பெண்கள் இருக்கும் வீட்டில் இதுதான் சிகிச்சை உடைகிற இடம். செங்கோட்டை, கடையநல்லூர், ஆலங்குளம் பக்கம் எத்தனையோ வீட்டில் பீடி இலையை நனைத்து, வெட்டி, மடியில் சுளகை வைத்துத் தூளை நிரப்பிச் சுற்றி, இரவு பத்து மணி வரை கட்டு போடுவார்கள். ஈர இலையும் தூளும் கையிலிருக்கும் லோஷனைத் துடைத்தெடுத்துவிடும். பூச்சியில் பாதிக்கு மேல் குடியிருக்கும் இடமும் அந்தக் கைதான். அதோடு புகையிலைத் தூளால் கைத்தோல் ஏற்கெனவே வெடித்து அரித்துக்கொண்டிருக்கும், எனவே விரலிடுக்கு ஊறலை “தூள் சூடு” என்றே எண்ணி விட்டுவிடுவார்கள். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி: ஊறல் இரவில் கூடுகிறதா, வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கிறதா என்று கேட்பது. இரண்டுக்கும் ஆம் என்றால் சிரங்காக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு சோதனையும் உண்டு. சந்தேகமான இடத்தில் ஊற்றுப்பேனா மையைத் தடவி, ஈரப் பஞ்சால் துடைத்தால், பூச்சி குடைந்த வளைக்குள் மை இறங்கி மெல்லிய வளைந்த கோடாக நின்றுவிடும்.

ஆகவே அந்த ஓர் இரவு கட்டு போடும் வேலையை நிறுத்திவிட்டு, சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி முடித்தபின் கடைசி வேலையாக மருந்து தடவ வேண்டும். மறுநாள் விடியற்காலைக் கோலத்தையும் வீட்டில் வேறு யாராவது போடட்டும்.

இரண்டாவது தடவல் ஏழு நாள் கழித்து, அதிகம் போனால் பதினான்கு நாளுக்குள். மருந்து உயிருள்ள பூச்சியைக் கொல்வதுபோல் முட்டையைக் கொல்லும் என்று நம்பிவிட முடியாது. முதல் இரவில் தப்பிய முட்டை நான்காம் நாளுக்குள் பொரிந்துவிடும், அதிலிருந்து வந்த குஞ்சு இரண்டு வாரம் ஆகாமல் முட்டையிடாது. ஏழாம் நாள் இரவு அந்த இடைவெளிக்குள் சரியாக விழுகிறது. மூன்றாம் நாளே மறுபடி தடவினால் சில முட்டைகள் இன்னும் பொரிந்திருக்காது, ஒரு மாதம் கழித்துத் தடவினால் புதிய தலைமுறை முட்டையிட்டு முடித்திருக்கும். தினமும் தடவுகிறவர்களும் உண்டு. அது தோலை வறட்டிப் புதிய எரிச்சலை உண்டாக்கும், அந்த எரிச்சலைச் சிரங்கு என்று நினைத்து இன்னும் தடவுவார்கள். ஓர் இரவு, ஏழு நாள் கழித்து இன்னோர் இரவு. நடுவில் வேண்டாம்.

இப்போது ஒரு வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். செங்கோட்டையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஆச்சி, பீடி சுற்றும் மருமகள், ஆரியங்காவு கணவாய்க்கு அந்தப் பக்கம் புனலூரில் ரப்பர் வெட்டப் போய்ச் சனிக்கிழமை மட்டும் திரும்பும் கணவர், பத்து வயதுப் பையன், நான்கு வயதுப் பெண், எட்டு மாதக் கைக்குழந்தை. ஆறு பேர். பையனுக்குத்தான் ஊறல், அவனைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். ஓ.பி. சீட்டு அவன் பெயரில், மருந்தும் அவன் பெயரில்.

பெரியவர் ஒருவருக்கு ஓர் இரவுக்குச் சுமார் 30 மில்லி ஆகும், உடம்பு பெருத்தவருக்கு அதன் இரண்டு மடங்குகூட ஆகலாம். பத்து வயதுக்காரனுக்கு அதில் பாதி, நான்கு வயதுக்குக் கால்பங்கு, எட்டு மாதக் குழந்தைக்கு அரைக்கால்பங்கு. மூன்று பெரியவர்களுக்கு 90, பையனுக்கு 15, பெண்ணுக்கு ஏழரை, குழந்தைக்கு ஏறத்தாழ 4. கூட்டினால் ஓர் இரவுக்கு 116 மில்லி. இரண்டு இரவுக்கு 232. அறுபது மில்லி பாட்டில் நான்கு வேண்டும், கைமிச்சத்துக்கு ஐந்து. வீட்டுக்கு வந்ததோ ஒன்று. அதை ஆறு பேர் பங்குபோட்டால் ஒவ்வொருவருக்கும் கை மட்டும்தான் நனையும். பையனுக்கே முழுவதும் தடவினால் மற்ற ஐந்து பேரும் பூச்சியைச் சுமந்துகொண்டிருப்பார்கள்.

எனவே சீட்டு எழுதும் இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி “உனக்கு எங்கே அரிக்கிறது” என்பதோடு முடியக் கூடாது. வீட்டில் எத்தனை பேர், யார் யாரோடு படுக்கிறார்கள், வெளியூரிலிருந்து வந்துபோகிறவர் யார் என்றும் கேட்க வேண்டும். அத்தனை பேருக்கும் சீட்டு போட வேண்டும். கேட்காமல் விட்டால் வீட்டார் தாங்களே சொல்லிக் கேட்டு வாங்கலாம், அதில் தவறில்லை.

நாளைத் தேர்ந்தெடுப்பதும் இந்த வீட்டில் முக்கியம். கணவர் வரும் சனி இரவுதான் ஆறு பேரும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் இரவு. இரண்டாவது இரவு அடுத்த சனி. செவ்வாய்க்கிழமை மருந்து கைக்கு வந்தால் சனி வரை பொறுக்கலாம், நான்கு நாளில் பெரிதாக எதுவும் கெட்டுவிடாது. ஐந்து பேர் செவ்வாயும் ஒருவர் சனியும் தடவினால்தான் கெடும்: சனி இரவு அவர் சுத்தமான வீட்டுக்குள் பூச்சியோடு வந்து படுப்பார். அவரால் வரவே முடியாத வாரமென்றால் ஒரு பாட்டிலை அவரிடம் கொடுத்தனுப்பி, அதே சனி இரவு அவர் அங்கே தடவ வேண்டும். தோட்டத்துக் கொட்டகையில் அவரோடு பாயைப் பகிர்ந்து படுப்பவர்களும் இதே வட்டத்துக்குள் வருகிறார்கள். அங்கே ஒருவருக்கு ஊறல் இருந்தால் செங்கோட்டை வீட்டில் எத்தனை முறை தடவினாலும் சனிக்கிழமை தோறும் பூச்சி கணவாய் தாண்டி வரும்.

ஆச்சியை இசையவைப்பதுதான் கடினம். “எனக்கு ஒண்ணும் ஊறலியே, எனக்கு எதுக்கு இந்தத் தைலம்?” என்பார். நான்கு வயதுப் பேத்தி ராத்திரி அவர் கையணைப்பில்தான் தூங்குகிறாள். ஊறாமல் பூச்சி இருக்கக்கூடிய அந்த நான்கு ஆறு வாரத்தில் ஆச்சி இருக்கிறாரா என்று யாராலும் சொல்ல முடியாது. “ஆச்சி, ஊறாத ஆளுக்குத்தான் மொதல்ல போடணும்” என்று சொல்லித் தடவுவதே சரி. ஆச்சிக்குத் தலைமயிர் அடியிலும் முகத்திலும் சேர்த்துத் தடவ வேண்டும்.

யாரெல்லாம் வட்டத்துக்குள் வரவேண்டும் என்பதில் சிலர் மிகையாகவும் பயப்படுகிறார்கள். கைகுலுக்குவதாலோ பேருந்தில் பக்கத்தில் உட்காருவதாலோ சிரங்கு சாதாரணமாக ஒட்டாது. தோலோடு தோல் சற்று நேரம் சேர்ந்திருக்க வேண்டும். ஒரே படுக்கை, குழந்தையைத் தூக்கிவைத்துக்கொள்வது, கணவன் மனைவி உறவு, படுத்த படுக்கையிலிருப்பவரைப் பராமரிப்பது ஆகியவையே வழி. பக்கத்து வீட்டுக்காரர் வேண்டாம், ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டி பகல் முழுக்க உங்கள் குழந்தையை இடுப்பில் வைத்திருந்தால் அவர் வேண்டும். விடுதியில் படிக்கும் பிள்ளை விடுமுறைக்கு வந்திருந்தால் அந்தப் பிள்ளையும், அவன் அறையில் படுப்பவர்களும்.

இந்த எல்லோரையும் சேர்ப்பது எவ்வளவு வேறுபாட்டைச் செய்யும் என்பதற்கு இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கேரளத்தில் உஷா, கோபாலகிருஷ்ணன் நாயர் ஆகிய தோல் மருத்துவர்கள் 85 நோயாளிகளிடம் பெர்மெத்ரின் தடவுவதையும் ஐவர்மெக்டின் மாத்திரையையும் ஒப்பிட்டு 2000இல் வெளியிட்டார்கள். 5 சதவீதப் பெர்மெத்ரின் ஒரே தடவலில் 97.8 சதவீதம் பேருக்குக் குணம் கொடுத்தது. மாத்திரை ஒருவேளையில் 70 சதவீதம், இரண்டு வாரம் கழித்து இரண்டாம் வேளை கொடுத்தபோது 95. ஆகத் தனி நோயாளியிடம் மாத்திரையைவிட லோஷன் முந்துகிறது.

அடுத்தது ஃபிஜி தீவு. 2012இல் தொடங்கிய ஆய்வில் மூன்று தீவுச் சமூகங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றில் வழக்கமான முறைப்படி நோயாளிக்கும் அவர் வீட்டாருக்கும் மட்டும் பெர்மெத்ரின். ஒன்றில் ஊர் முழுக்க பெர்மெத்ரின். ஒன்றில் ஊர் முழுக்க ஐவர்மெக்டின். ஓர் ஆண்டில் சிரங்கு வழக்கமான முறையில் 36.6 சதவீதத்திலிருந்து 18.8க்கும், ஊர்முழுப் பெர்மெத்ரினில் 41.7லிருந்து 15.8க்கும், ஊர்முழு ஐவர்மெக்டினில் 32.1லிருந்து 1.9க்கும் இறங்கியது. மருந்தின் வீரியத்தில் முந்திய லோஷன் ஊர்க்கணக்கில் பிந்துகிறது. மாத்திரையைக் கொடுத்து விழுங்குவதைப் பார்த்துவிடலாம். லோஷன் வீட்டுக்குள் எங்கெங்கே தடவப்பட்டது, யார் தடவவில்லை என்பதைப் பார்க்க முடியாது. அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி தொப்புளிலும் நகக்கண்ணிலும் ஆச்சியிடமும் இருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன்.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவது நம் வீடுகளில் பழகிய வைத்தியம். 814 பேரிடம் அதைப் பயன்படுத்தி, 97 சதவீதம் பேருக்கு மூன்று முதல் பதினைந்து நாளில் குணமானதாக 1992இல் ஒரு முன்னோட்ட ஆய்வு வெளிவந்தது. ஒதுக்கித்தள்ளக்கூடியது அல்ல. ஆனால் பெர்மெத்ரினோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்த சோதனை அல்ல அது. பதினைந்து நாள் வரை பூசும் பொறுமையும் நம் வீடுகளில் குறைவு. பூசுகிறவர் மருந்து போடும் இரண்டு இரவுகளுக்கு மட்டும் அதை நிறுத்திவைக்கட்டும். உண்மையில் கெடுதல் செய்வது வேப்பிலை அல்ல, கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள். அவை இரண்டே நாளில் அரிப்பை அடக்கும், சிவப்பை மறைக்கும், பூச்சியை நிம்மதியாகப் பெருகவிடும். ஒரு மாதம் கழித்து மருத்துவரே பார்த்தாலும் சிரங்கு என்று சொல்ல முடியாதபடி தோல் முகம் மாறியிருக்கும்.

துணிக்குப் பயப்பட வேண்டிய அளவை மெல்லன்பி சொல்லிவிட்டார். உடம்பை விட்டு விழுந்த பூச்சி சாதாரணமாக ஓரிரண்டு நாளுக்கு மேல் தாங்காது. ஆகவே மருந்து போடுவதற்கு முந்திய மூன்று நாளில் உடுத்தியது, போர்த்தியது, தலையணை உறை இவற்றை மட்டும் மறுநாள் காலை வெந்நீரில் முக்கி வெயிலில் போட்டால் போதும். சாரலில் வெயில் ஏது என்றால், துவைக்காமலே பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கக் கட்டி மூலையில் வைத்துவிடலாம். மூன்று நாள் என்பது பொதுக்கணக்கு. குளிரும் ஈரமும் சேர்ந்தால் பூச்சி இன்னும் சற்று நீடிக்கும், அதனால் ஆடிச் சாரலில் ஒரு வாரம் வைப்பது நல்லது. மெத்தையை எரிப்பது, வீட்டுக்கு மருந்தடிப்பது எல்லாம் வீண் செலவு.

இரண்டு இரவும் முடிந்தபின் ஊறல் உடனே நிற்காது. செத்த பூச்சியும் அதன் கழிவும் தோலோடு உதிர்ந்து போகும் வரை இரண்டு முதல் நான்கு வாரம் அரிக்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் வீட்டார் மருந்தை மாற்றிவிடுவார்கள். அதுவரை தேங்காய் எண்ணெயோ கலமைனோ தடவலாம், இரவுத் தூக்கத்துக்கு மருத்துவர் ஒவ்வாமை மாத்திரை தருவார். அக்குளிலும் விதைப்பையிலும் தோன்றிய உருண்டைத் தடிப்புகள் மாதக்கணக்கில்கூட நிற்கும், அவற்றில் உயிருள்ள பூச்சி இருப்பதாகப் பொருளில்லை. சொறிந்த இடத்தில் சீழ் வைத்திருந்தால் அதற்குத் தனியாக மருந்து வேண்டும். அந்தச் சீழிலிருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகத்தைத் தாக்கும். காலையில் முகம் வீங்கியிருந்தாலோ மூத்திரம் கறுங்காப்பி நிறத்தில் போனாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நான்கு வாரத்துக்குப் பின்னும் புதிய தடிப்போ புதிய வளையோ தோன்றினால்தான் சிகிச்சை தோற்றது என்று பொருள். அப்போது முதலில் பார்க்க வேண்டியது யார் விடுபட்டார், எந்த இடம் விடுபட்டது, இரண்டாவது சனி தடவப்பட்டதா என்பதைத்தான். இவை அனைத்தும் சரியென்றால் மருந்தைச் சந்தேகிக்கலாம். ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி போன்ற நாடுகளில் பெர்மெத்ரின் முன்புபோல் கேட்பதில்லை என்று அண்மை ஆண்டுகளில் மருத்துவர்கள் எழுதி வருகிறார்கள், பூச்சியின் அந்தச் சோடியம் வாயிலில் மரபணு மாற்றம் வந்திருப்பதும் கண்டறியப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் ஐவர்மெக்டின் மாத்திரைக்கு மாறலாம்: உடல் எடைக்கேற்ப, கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் வீதம், ஒரு வாரம் முதல் இரண்டு வார இடைவெளியில் இரண்டு வேளை. பதினைந்து கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் அதைக் கொடுப்பதில்லை, அவர்களுக்கு லோஷனே தொடரும். மேலே சொன்ன வீட்டில் கைக்குழந்தை அந்தப் பக்கம் நிற்கும்.

எல்லோரும் ஒழுங்காகத் தடவியும் ஒரே வீட்டில் திரும்பத் திரும்ப வந்தால், படுக்கையிலிருக்கும் முதியவரையோ சர்க்கரை, எச்.ஐ.வி., நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து என்று எதிர்ப்புச் சக்தி குறைந்தவரையோ உடுப்பைக் களையச் சொல்லிப் பார்க்க வேண்டும். கை கால்களில் சாம்பல் நிறப் பொருக்குத் தடித்திருக்கும், ஊறல் குறைவாக இருக்கும், வறட்சி என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள். அந்தப் பொருக்கில் பூச்சி பதினொன்றல்ல, ஆயிரக்கணக்கிலும் லட்சக்கணக்கிலும் இருக்கும். அவருக்கு இரண்டு இரவுத் தடவல் போதாது. பொருக்கை ஊறவைத்து நீக்கி, லோஷனையும் மாத்திரையையும் சேர்த்துப் பல வேளை கொடுக்க வேண்டும், மருத்துவமனையில் வைத்தே செய்வது நல்லது. அவர் உதறிய போர்வையில் விழும் பொருக்கும் தொற்றும் என்பதால் துணி பற்றி மேலே சொன்ன தைரியம் இந்த ஒருவருக்கு மட்டும் செல்லாது. வீட்டிலுள்ள மற்றவர்களின் இரண்டு சனிக்கிழமைகளும் அவருடைய சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து புதிதாக எண்ணப்படும்.